தூக்கமில்லை, கோபம் தாங்கவில்லை: பீரியட்ஸ் நிற்கப்போவதாலா, வீட்டு நிலவரத்தாலா?

செண்பகம்_திண்டுக்கல்

எனக்கு வயது 47. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு வேலை. ஒரு வருடமாகப் பீரியட்ஸ் தாறுமாறாகிவிட்டது. 28 நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது, இப்போது ஒரு மாதம் 24 நாளில் வருகிறது, அடுத்தது 40 நாள் ஆகிறது. கடைசியாக வந்தது 63 நாள் கழித்து. வந்தால் கொட்டித் தீர்க்கிறது.

அதைக்கூடச் சமாளித்துவிடுவேன். தூக்கமும் கோபமும்தான் முடியவில்லை. நடுராத்திரியில் விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கம் போச்சு. பகலில் மகன் ஏதாவது கேட்டாலே எரிந்து விழுகிறேன். அவன் முகம் வாடுவதைப் பார்த்ததும் குளியலறைக்குப் போய் அழுகிறேன். நான் இப்படிப்பட்டவள் இல்லை.

வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். மாமியாருக்கு மறதி நோய், ராத்திரியில் எழுந்து வாசல் கதவைத் திறக்கப் பார்ப்பார். மகன் பிளஸ் டூ. சங்கத்தில் தணிக்கை நடக்கிறது. போய்ப் பார்த்த டாக்டர் "இந்த வயதில் இப்படித்தான் இருக்கும்" என்று கால்சியம் எழுதிக் கொடுத்தார். தங்கையோ "உன் இடத்தில் யார் இருந்தாலும் பைத்தியம் பிடிக்கும், ஹார்மோனும் இல்லை ஒன்றும் இல்லை" என்கிறாள். இரண்டு பேரும் அடித்துச் சொல்கிறார்கள். எது உடம்பால், எது வாழ்க்கையால் என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறதா?

லேப்_குமரன்

மேடம், இதற்கு ஏன் குழப்பம்? எஃப்.எஸ்.எச். என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. சினைப்பை ஓய ஓய அது ஏறும். அதிகமாக இருந்தால் மெனோபாஸ், நார்மல் என்றால் டென்ஷன். ஒரு நாளில் முடிவு தெரிந்துவிடும்.

வேலுச்சாமி_கரூர்

சகோதரி சொல்வது அப்படியே என் வீட்டு நிலைமை. என் மனைவிக்கும் இதே கோபம். எதைச் சொன்னாலும் சண்டை. நான் காலையில் அரை மணி நேரம் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்கிறேன், கேட்பதில்லை. எப்படிச் சொன்னால் கேட்பார்கள்?

கயல்விழி

வேலுச்சாமி அண்ணா, கேள்வி கேட்டவர் கோபப்படுகிற பெண், அவரைச் சமாளிக்க வேண்டிய கணவர் இல்லை. அந்த அரை மணி நேரம் அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொண்டால் அவர் மூச்சுப் பயிற்சி செய்வாரோ என்னவோ.

செண்பகம் அக்கா, உங்கள் தங்கை சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. நாற்பது வயதுக்கு மேல் ஒரு பெண் எரிச்சல்பட்டால் உடனே ஹார்மோன் என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்ள ராத்திரி முறை யார் யாருக்கு? அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

பனிமலர்

மகப்பேறு மருத்துவராக இருக்கிறேன், சிறிய ஊர். தினமும் இந்தக் கேள்வி வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் குமரன் சொன்ன டெஸ்ட். 45 வயது தாண்டிய, பீரியட்ஸ் கணக்கு மாறிவிட்ட பெண்ணுக்கு அது தேவையில்லை. இந்தக் கட்டத்தில் எஃப்.எஸ்.எச். ஒரு மாதம் ஏறும், அடுத்த மாதம் இறங்கும். நார்மல் என்று வந்த காகிதத்தைக் காட்டி "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பப்பட்ட பெண்கள் நிறையப் பேர். நாட்கணக்கே போதும். இரண்டு பீரியட்ஸுக்கு இடையிலான நாட்கள் ஒருமுறைக்கு ஒருமுறை ஏழு நாளோ அதற்கு மேலோ கூடிக் குறைவது தொடர்ந்தால் மாற்றம் தொடங்கிவிட்டது. 60 நாள் இடைவெளி வந்துவிட்டால் பின்கட்டம், இனி ஒன்றிலிருந்து மூன்று வருடத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். செண்பகம், உங்கள் 63 நாள் அதைச் சொல்லிவிட்டது. எனவே ஹார்மோன் மாற்றம் நடக்கிறதா என்பதில் சந்தேகமே இல்லை. உங்கள் மனநிலையில் அதற்கு எவ்வளவு பங்கு என்பதுதான் கேள்வி, அதை எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது.

ஹார்மோன் குறைந்ததால் மனம் சோர்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழுசாகச் சரியில்லை. அப்படியானால் நின்று பத்து வருடம் ஆனவர்கள்தான் அதிகம் சோர்ந்திருக்க வேண்டும், ஆனால் நிற்பதற்கு முந்தைய சில வருடங்கள்தான் மோசம். ஏறி இறங்குவதுதான் சிக்கல், அதுவும் எல்லோருக்கும் இல்லை. 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மெனோபாஸ் மாற்றத்தின்போது மனச்சோர்வு வந்து, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனால் சரியானவர்களையும், அப்படி எதுவும் வராதவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஈஸ்ட்ரோஜன் கொடுத்துவிட்டு, அவர்களுக்குத் தெரியாமல் சிலருக்கு அதை மருந்தில்லாத வெறும் ஒட்டுப்பட்டையாக மாற்றினார்கள். முன்பு சோர்வு வந்தவர்களுக்கு மட்டும் அது திரும்பி வந்தது. மற்றவர்களுக்கும் ஹார்மோன் அதே அளவுக்குத்தான் இறங்கியது, மனதில் ஒன்றும் ஆகவில்லை.

அதனால் நான் பழைய கதையைக் கேட்பேன். பீரியட்ஸுக்கு முந்தைய வாரம் இளவயதிலேயே ஆட்டிப்படைத்ததா? குழந்தை பிறந்தபின் வாரக்கணக்கில் அழுகை, சோர்வு இருந்ததா? எப்போதாவது மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தீர்களா? இதற்கெல்லாம் ஆம் என்றால் இந்த வயதிலும் மனநிலை ஆட்டம்காண வாய்ப்பு அதிகம்.

கயல்விழிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லும் சுமை நிஜம். ஆனால் அது ஒன்று, ஹார்மோன் வேறொன்று என்று தனித்தனிப் பெட்டியில் இல்லை. 2018-இல் வெளியான இன்னொரு ஆய்வில், மாற்றக் கட்டத்தில் இருக்கும் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கொடுத்தால் மனச்சோர்வு வராமல் தடுக்க முடியுமா என்று பார்த்தார்கள். பலன் இருந்தது. யாருக்கு அதிகப் பலன் தெரியுமா? அண்மையில் வாழ்க்கையில் பெரிய நெருக்கடிகளைச் சந்தித்தவர்களுக்கு. அதாவது ஏற்ற இறக்கம் நெருக்கடியைத் தாங்கும் தெம்பைக் குறைக்கிறது. மாமியார் போன வருடமும் கதவைத் திறந்தார், நீங்கள் தாங்கினீர்கள். இந்த வருடம் தாங்க முடியவில்லை என்றால் மாமியார் மாறிவிட்டாரா, நீங்கள் மாறிவிட்டீர்களா என்பதற்கு "இரண்டும்" என்பதே பெரும்பாலும் பதில்.

ஆனாலும் எதை எப்படிச் சரிசெய்வது என்பதற்காகக் கொஞ்சம் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். காலையில் மட்டும் எழுதுங்கள், ராத்திரியில் கடிகாரம் பார்க்க வேண்டாம், குத்துமதிப்பு போதும். எழுந்தபோது உடம்பு சூடாக, வியர்த்திருந்ததா, இல்லை மனம் ஓடிக்கொண்டிருந்ததா? திரும்பத் தூங்க எவ்வளவு நேரம்? முந்தைய நாள் என்ன நடந்தது? மாலையில் மனநிலைக்கு ஒரு மதிப்பெண். பீரியட்ஸ் வந்த நாளைச் சிவப்பில் குறியுங்கள். ஒரு சுழற்சியாவது முழுக்க எழுதினால்தான் ஏதாவது தெரியும்.

நோட்டோடு சேர்த்து ரத்த அணு, இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, சர்க்கரை பாருங்கள். கொட்டித் தீர்க்கிறது என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள், அதை நான் விடமாட்டேன். ஸ்கேனும் வேண்டும்.

வாழவே பிடிக்கவில்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் நோட்டெல்லாம் வேண்டாம், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் 14416 எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

ராஜி_சேலம்

எனக்கு 51. என் கதையைச் சொல்கிறேன். தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் கேட்டேன், அரை மாத்திரை அல்பிரஸோலம் கொடுத்தார்கள். முதல் வாரம் சொர்க்கம். பிறகு அரை முழுதானது. நிறுத்தினால் இரண்டு நாள் கண்ணே மூடாது, நெஞ்சு படபடக்கும், "பார், இன்னும் மெனோபாஸ் போகவில்லை" என்று மறுபடி போடுவேன். கடைசியில் ஒரு மனநல மருத்துவர்தான் அந்தப் படபடப்பு மாத்திரையை நிறுத்தியதால் வருகிறது என்று சொல்லி, மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார். செண்பகம், கடையில் எதையும் வாங்கிப் போடாதீர்கள்.

வேலுச்சாமி_கரூர்

கயல்விழி அவர்களே, சரி. ஒரு சந்தேகம், மனைவி படுக்கும்போது நல்ல குறட்டை. தூங்குகிறார் என்றுதானே அர்த்தம்?

பனிமலர்

இல்லை. குறட்டை நடுவில் நின்று, மூச்சுத் திணறுவதுபோல் மறுபடி தொடங்குகிறதா என்று கவனியுங்கள். காலையில் தலைவலி, வாய் வறட்சி, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குவது இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவதாக இருக்கலாம். மெனோபாஸுக்குப் பிறகு பெண்களுக்கு இது கூடுகிறது, ஆண்கள் நோய் என்றே பலரும் நினைப்பதால் தவறிப்போகிறது. எட்டு மணி நேரம் படுத்தும் ஓய்வு கிடைக்காதவர் கோபப்படாமல் என்ன செய்வார்? அவரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

செண்பகம்_திண்டுக்கல்

நோட்டு எழுதினேன். இவ்வளவு நாள் கழித்து வருவதற்கு அதுதான் காரணம். பழைய கதை கேட்டீர்களே, மகன் பிறந்தபின் இரண்டு மாதம் காரணமே இல்லாமல் அழுதேன். யாரும் அதை நோய் என்று சொல்லவில்லை.

நோட்டில் எனக்கே வியப்பாக இருந்தது, விழிப்பு ஒரே மாதிரி இல்லை. ஒன்று, படுத்து இரண்டு மூன்று மணி நேரத்தில் வருவது. நெஞ்சிலிருந்து முகம்வரை குப்பென்று சூடேறும், கழுத்தெல்லாம் ஈரம், போர்வையை உதறுவேன், பிறகு குளிரும். கால் மணி நேரத்தில் தூங்கிவிடுவேன். பீரியட்ஸ் தள்ளிப்போகிற வாரங்களில் ஒரே ராத்திரியில் மூன்று முறைகூட வந்தது. வந்து முடிந்த வாரம் அநேகமாக இல்லை.

இன்னொன்று விடியற்காலை நாலு மணி வாக்கில். சூடும் இல்லை, வியர்வையும் இல்லை. கண் திறந்த உடனே தணிக்கைக் கேள்விகள், மாமியாரின் அடுத்த ஸ்கேன், மகன் மார்க். அதற்குப் பிறகு தூக்கமே கிடையாது. இது ஞாயிறு ராத்திரியும் தணிக்கை ஆள் வருவதற்கு முதல் நாளும் கட்டாயம் வரும்.

நடுவில் கோவையில் தங்கை வீட்டில் மூன்று ராத்திரி தங்கினேன். மாமியாரை நாத்தனார் பார்த்துக்கொண்டார். அங்கேயும் வியர்வை வந்தது, நாலு மணி விழிப்பு வரவில்லை.

கோபம்தான் புரியவில்லை. வியர்த்த ராத்திரிக்கு மறுநாள் அதிகம். ஆனால் நன்றாகத் தூங்கிய நாளிலும் மாலை நாலு மணிக்குமேல் கைகால் ஓய்ந்து, யார் பேசினாலும் எரிச்சல். ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 10.2, ஃபெரிட்டின் 8. தைராய்டும் சர்க்கரையும் நார்மல். இன்னொன்று, படுத்ததும் கால் குறுகுறுவென்று ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது. அதுவும் வயசுக் கோளாறா?

கயல்விழி

கோவை ராத்திரியைப் பாருங்கள் அக்கா! இதைத்தான் நான் சொன்னேன்.

பனிமலர்

நல்ல நோட்டு. என்னிடம் வருபவர்கள் பாதிப்பேர் இப்படி எழுதிக்கொண்டு வந்தால் என் வேலை பாதியாகும்.

முதல் வகை விழிப்பு ஹார்மோனுடையது. மூளையில் உடல் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் இடம் ஈஸ்ட்ரோஜன் ஆட்டம்காணும்போது பொறுமை இழந்துவிடுகிறது, சாதாரணமாகச் சூடு ஒரு துளி ஏறினாலும் வியர்வையைத் திறந்துவிடுகிறது. ராத்திரியின் முதல் பாதியில் இது அதிகம் எழுப்புவதற்கும் காரணம் உண்டு. பின்னிரவில் கனவுத் தூக்கம் கூடுதல், அந்த நேரத்தில் வியர்வை, குளிர் பற்றிய உடலின் கண்காணிப்பே தளர்ந்திருக்கும். நீங்கள் ஊர் மாறியும் இது மாறவில்லை, பீரியட்ஸ் கணக்கோடு மட்டும் நகர்ந்தது. இது வலுவான அடையாளம்.

நாலு மணி விழிப்பு அப்படி இல்லை, நாட்காட்டியையும் வீட்டையும் பின்தொடர்கிறது. கயல்விழி, மூன்று ராத்திரி ஒரு துப்பு, தீர்ப்பு இல்லை. புது இடம், சமையல் இல்லை, மாமியார் இல்லை, தங்கை பக்கத்தில் என்று நாலும் சேர்ந்து மாறியிருக்கிறது. அதோடு, விடியற்காலையில் விழித்துத் தூங்க முடியாமல் போவது மனச்சோர்வின் அறிகுறியாகவும் இருக்கும். செண்பகம், பிடித்த விஷயங்களில்கூட ஆர்வம் போய்விட்டதா, இரண்டு வாரம் நாள் முழுக்கச் சோகமாகவே இருந்ததா? மகன் பிறந்தபோது நடந்ததை வைத்துப் பார்த்தால் நான் இதைக் கண்டிப்பாகக் கேட்பேன்.

மூன்றாவது, ஹார்மோனும் இல்லை, மாமியாரும் இல்லை. இரும்புச்சத்து. ஃபெரிட்டின் 8 என்றால் உடம்பின் இருப்பு காலி. மாலையில் கைகால் ஓய்வதற்கும் எரிச்சலுக்கும் அதுவே போதும், கால் குறுகுறுப்புக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். பீரியட்ஸ் கொட்டித் தீர்த்ததால் இரும்பு போயிருக்கிறது. மாற்றக் கட்டம்தான் மூல காரணம் என்று வாதம் பண்ணலாம், ஆனால் இதற்கு மருந்து ஈஸ்ட்ரோஜன் இல்லை, இரும்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை எடுத்தால் வயிறும் பொறுக்கும், உடம்பும் நன்றாக ஏற்கும். காபி, டீயோடு போடாதீர்கள். நீங்கள் கால்சியம் எடுக்கிறீர்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் இரும்பு சேராது, நேரத்தைப் பிரியுங்கள். ஹீமோகுளோபின் சரியானாலும் இருப்பு நிரம்ப இன்னும் சில மாதம் ஆகும், அதற்குள் நிறுத்தக் கூடாது.

ஸ்கேன் எடுத்தீர்களா?

செண்பகம்_திண்டுக்கல்

எடுத்தேன் டாக்டர். கர்ப்பப்பையில் சிறிய ஃபைப்ராய்டு கட்டி, உள்சுவர் கொஞ்சம் தடிப்பு என்று எழுதியிருக்கிறார்கள். அதிலிருந்து சிறிது திசு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள், அடுத்த வாரம்.

ஆர்வம் பற்றிக் கேட்டீர்கள். கோலம் போடுவதும் பாட்டுக் கேட்பதும் இன்னும் பிடிக்கிறது, நேரம்தான் இல்லை. கோவையில் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

ஹார்மோன் ஜெல் என்று ஒன்று இருப்பதாகத் தங்கை சொன்னாள். போட்டால் எல்லாம் சரியாகுமா? புற்றுநோய் வருமென்றும் பயமுறுத்துகிறார்கள்.

பனிமலர்

சிரிக்க முடிந்தது என்பது நல்ல செய்தி. அதை உங்கள் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

திசு முடிவு வரும்வரை ஹார்மோன் பேச்சே வேண்டாம். காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் தொடங்குவதில்லை. முடிவு நல்லபடியாக வந்தால், வியர்வைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. தோலில் தடவும் ஜெல், கர்ப்பப்பை இருப்பதால் கூடவே புரோஜெஸ்டிரோன். அதை ராத்திரி படுக்கும்போது எடுத்தால் பலருக்குத் தூக்கமும் வரும். ஜெல்லில் ரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. மார்பகப் புற்றுநோய் ஆபத்து வருடக்கணக்கில் எடுத்தால் கொஞ்சம் கூடுகிறது, 47 வயதில் சில வருடத்துக்கு அது சிறிய கூடுதல்தான். வீட்டில் யாருக்காவது இருந்ததா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். வேண்டாம் என்றால் வென்லாஃபாக்ஸின் போன்ற மாத்திரைகள் உண்டு, வியர்வையையும் கொஞ்சம் குறைக்கும், மனதையும் தூக்கும்.

ஆனால் ஜெல் போட்டு நாலு மணி விழிப்பு போகும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வியர்வை குறைந்தும் இது அப்படியே இருந்தால், அதுவும் ஒரு விடைதான். இதற்கு வேறு வழி. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்?

செண்பகம்_திண்டுக்கல்

அசதியில் ஒன்பதுக்கே படுத்துவிடுகிறேன். ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டும்.

பனிமலர்

எட்டரை மணி நேரம் படுக்கையில், தூக்கம் ஆறு மணி நேரம் இருக்குமா? மீதி நேரம் படுக்கை கவலைப்படும் இடமாகப் பழகிவிடுகிறது. தலைகீழாகச் செய்யுங்கள். பதினொன்றுக்குப் படுங்கள், என்ன நடந்தாலும் ஐந்தரைக்கு எழுங்கள், பகல் தூக்கம் வேண்டாம். நாலு மணிக்கு விழித்து, தூக்கம் வராது என்று தெரிந்துவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய் மங்கல் வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கினால் மட்டும் திரும்புங்கள். முதல் இரண்டு வாரம் இன்னும் மோசமாகத் தோன்றும், பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். பிறகு தூக்கம் இறுகும், அப்போது படுக்கிற நேரத்தைக் கால் மணி கால் மணியாக முன்னால் கொண்டுவாருங்கள். வியர்வை இருக்கிற பெண்களுக்கும் இது பலன் தருகிறது என்று ஆய்வுகள் இருக்கின்றன. வலிப்பு நோயோ மன எழுச்சி நோயோ இருந்தவர்கள் தாங்களாகச் செய்யக் கூடாது.

கயல்விழி

டாக்டர், எல்லாம் சரி. மாமியார் கதவைத் திறக்கும் ராத்திரியில் இந்த அட்டவணை எப்படி நடக்கும்? மாத்திரை, நோட்டு, படுக்கை நேரம் எல்லாம் அக்கா செய்ய வேண்டியது. வீட்டுக்காரர் செய்ய வேண்டியது எங்கே?

பனிமலர்

நியாயம்தான். அதற்கு என்னிடம் மருந்துச் சீட்டு இல்லை. கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும், திறந்தால் ஒலிக்கும் மணியும் வையுங்கள். வாரத்தில் மூன்று ராத்திரி வேறொருவர் முறை என்று கணவரிடம் நேரடியாகக் கேளுங்கள். நடக்குமா என்று எனக்குத் தெரியாது.

செண்பகம்_திண்டுக்கல்

மணி வாங்கியாயிற்று. முறை பற்றிக் கேட்டேன், "தணிக்கை முடியட்டும், பார்க்கலாம்" என்றார். தணிக்கை எனக்குத்தான், அவருக்கு இல்லை.

வேலுச்சாமி_கரூர்

மனைவி குறட்டை விடும்போது பக்கத்திலிருந்து கவனித்தேன். டாக்டர் சொன்ன மாதிரியே நின்று நின்று தொடங்குகிறது. சேலத்தில் தூக்கப் பரிசோதனைக்குத் தேதி வாங்கியிருக்கிறேன்.

மீனா_39

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு 39. நாலு மாதமாகப் பீரியட்ஸ் இல்லை, வியர்க்கிறது, தூக்கமில்லை. மேலே சொன்னபடி எனக்கும் டெஸ்ட் தேவையில்லையா, நோட்டு மட்டும் எழுதலாமா?

பனிமலர்

வேண்டாம், உங்களுக்கு நேர் எதிர். நான் சொன்னது 45 தாண்டியவர்களுக்கு. 40-க்கு முன்னால் நின்றால் காரணம் தேட வேண்டும், எலும்புக்கும் இதயத்துக்கும் பாதுகாப்பும் வேண்டும். குமரன் சொன்ன எஃப்.எஸ்.எச். உங்களுக்குத்தான் தேவை, தைராய்டும் புரோலாக்டினும் சேர்த்து.

லேப்_குமரன்

மீனா மேடம், அதற்கெல்லாம் முன்னால் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட்டு வாருங்கள். நாலு மாதம் என்று வருகிறவர்களில் அதுவும் உண்டு.